சீசனுக்கு முன்னாடியே காசு போகணும்: கோத்தகிரி காட்டேஜுக்கு ஒரு வருஷ விளம்பர காலண்டர் போடுறது எப்படி

கோத்தகிரில இருந்து கொடநாடு போற ரோட்டுல எனக்குத் தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க 5 ரூம் காட்டேஜ் நடத்துறாங்க, மூணு வருஷமா அவங்களோட ஆன்லைன் விளம்பரத்த நான்தான் பாத்துக்கறேன். முதல் வருஷம் எனக்கு ஒண்ணும் தெரியாது. மே மாசம் தானே சீசன், கூட்டம் வர்றப்ப தானே விளம்பரம் போடணும்னு நினைச்சு மே 3ஆம் தேதி ஆரம்பிச்சு மூணு வாரத்துல 11,000 ரூபாய் போட்டேன். வாட்ஸ்அப்ல மெசேஜ் கொட்டுச்சு, அக்கா ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ஒவ்வொருத்தருக்கா "சாரிங்க, ரூம் இல்ல"ன்னு டைப் பண்ணிட்டு இருந்தாங்க. ஏன்னா மே மாசத்துக்கான ரூமெல்லாம் ஏப்ரல் பாதிலயே போயிருச்சு. அதே வருஷம் ஏப்ரல் வார நாள்ல மூணு ரூம் பூட்டியே கிடந்துச்சு, அதுக்கு ஒரு ரூபாய் கூட விளம்பரம் போகல.

அந்த 11,000 ரூபாய்ல கத்துக்கிட்டது தான் இந்தக் கட்டுரை. ஆள் வந்து தங்குற மாசம் வேற, அவங்க முடிவு பண்ணி அட்வான்ஸ் போடுற மாசம் வேற. விளம்பரக் காசு அந்த முடிவு பண்ற மாசத்துக்குத் தான் போகணும். இத வச்சு ஒரு வருஷத்துக்கும் காலாண்டு வாரியா எவ்வளவு போடணும்னு கணக்கு போடுறத அக்காவோட ரிஜிஸ்டரயே வச்சு காட்டுறேன், உங்களுது ஊட்டில இருந்தாலும் குன்னூர்ல இருந்தாலும் நம்பர் மட்டும் மாறும், முறை இதே தான்.

முதல்ல ரிஜிஸ்டர எடுங்க

போன வருஷ ரிஜிஸ்டர எடுத்து ஒரு ஷீட்ல அஞ்சு காலம் போடுங்க: புக் பண்ண தேதி, வந்த தேதி, எத்தனை ரூம் எத்தனை ராத்திரி, எந்த ஊர்ல இருந்து வந்தாங்க, நம்மள எப்படித் தெரிஞ்சு வந்தாங்க. முதல் காலம் தான் முக்கியம், அது தான் பெரும்பாலும் ரிஜிஸ்டர்லயே இருக்காது. அக்காகிட்டயும் இல்ல. வந்த தேதி, ஆதார் நம்பர், வண்டி நம்பர் எல்லாம் இருக்கு, எப்ப புக் பண்ணாங்கன்னு எங்கயும் எழுதல. அப்புறம் அக்காவே தான் சொன்னாங்க, "தம்பி, அட்வான்ஸ் 1000 ரூபாய் எல்லாரும் போன்ல தானே போட்டாங்க, அதுல தேதி இருக்குமே"ன்னு. யூபிஐ ஹிஸ்டரிய மேல இருந்து கீழ தள்ளித் தள்ளி, பேர் பாத்துப் பாத்து எழுதினோம், ரெண்டு சாயங்காலம் ஆச்சு. புக்கிங் சைட் மூலமா வந்தவங்களுக்கு மெயில்லயே தேதி இருக்கும்.

எண்ணும்போது ஆள் கணக்கோ குடும்பக் கணக்கோ வேண்டாம், ரூம்-நைட் கணக்கா எண்ணுங்க. ஒரு ரூம் ஒரு ராத்திரி போனா ஒண்ணு. ரெண்டு ரூம் மூணு ராத்திரின்னா ஆறு. 5 ரூமுக்கு வருஷத்துக்கு மொத்தம் 1825 ரூம்-நைட் இருக்கு, அக்காவுக்கு போன வருஷம் அதுல 835 போச்சு. பாதி கூட இல்லன்னு அவங்களுக்கு அன்னைக்குத் தான் தெரிஞ்சுது, மே மாசக் கூட்டத்தப் பாத்து நல்லாப் போகுதுன்னே நினைச்சுட்டு இருந்தாங்க.

தங்கின மாசத்துல இருந்து புக் பண்ண மாசத்துக்கு

தங்கின தேதிப்படி பாத்தா ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கும் 302, ஜூலை முதல் செப்டம்பர் 152, அக்டோபர் முதல் டிசம்பர் 216, ஜனவரி முதல் மார்ச் 165. சதவீதமா சொன்னா 36, 18, 26, 20. புதுசா ஆரம்பிக்கறவங்க பெரும்பாலும் இந்த சதவீதத்தயே அப்படியே எடுத்து பட்ஜெட்டப் பிரிச்சுடுவாங்க. அங்க தான் காசு வீணாகுது.

இப்ப அதே 835ஐ புக் பண்ண தேதிப்படி மறுபடி எண்ணுங்க. அக்காவோடதுல ஏப்ரல்ல தங்கின 98ல 70 ஜனவரி-மார்ச்லயே புக் ஆனது, அதுலயும் முக்கால்வாசி மார்ச்ல. மே மாசம் தங்கின 142ல 45 மார்ச்லயே வந்துருச்சு, மீதி ஏப்ரல்ல. அக்டோபர் பூஜை லீவுக்கு வந்தவங்கள்ல பாதிக்கு மேல செப்டம்பர்ல காசு போட்டவங்க. பொங்கலுக்கு வந்தவங்க டிசம்பர்லயே முடிவு பண்ணிட்டாங்க. ஆனா ஜூன், ஜூலை, ஆகஸ்ட்ல வந்தவங்க எல்லாம் நாலஞ்சு நாளைக்கு முன்னாடி தான் கூப்பிட்டிருக்காங்க, வானத்தப் பாத்துட்டு வெள்ளிக்கிழமை காலைல கிளம்புற கோயம்புத்தூர், திருப்பூர் ஆளுங்க.

மறுபடி கூட்டினா ஜனவரி-மார்ச் 242, ஏப்ரல்-ஜூன் 191, ஜூலை-செப்டம்பர் 198, அக்டோபர்-டிசம்பர் 204. சதவீதம் 29, 23, 24, 24. படம் எப்படி மாறிடுச்சு பாருங்க, தங்குறதுல மூணாவது இடத்துல இருந்த ஜனவரி-மார்ச் இப்ப முதல் இடம், 36 சதவீதத்தோட முதல்ல நின்ன ஏப்ரல்-ஜூன் கடைசி இடம்.

ஒரு சின்ன விஷயம், நம்ம கணக்கு வருஷம் ஏப்ரல்ல ஆரம்பிக்குது. அதனால சீசன் வருமானம் முதல் காலாண்டுல வரும், அதுக்கான விளம்பரச் செலவு போன கணக்கு வருஷத்தோட கடைசி காலாண்டுல போயிருக்கும். ஆடிட்டர்கிட்ட காட்டுற கணக்க வச்சு "மார்ச்ல இவ்வளவு செலவு, வருமானமே இல்லயே"ன்னு பயந்து நிறுத்திடாதீங்க. விளம்பர காலண்டர ஜனவரில இருந்து டிசம்பர் வரைக்கும்னு தனியா போடுறது தான் வசதி.

தானா நிரம்புற நாளுக்குக் காசு போடாதீங்க

புக்கிங் சதவீதமும் முடிவான பட்ஜெட் இல்ல. மே மாசம் ரெண்டாவது மூணாவது சனி ஞாயிறுக்கு விளம்பரமே இல்லாம ரூம் போகும், போன வருஷம் வந்தவங்களே கூப்பிடுவாங்க. மே மாசத்துல மலர் கண்காட்சி, பழக் கண்காட்சி, இங்க நேரு பார்க் காய்கறி கண்காட்சி எல்லாம் நடக்குது, அரசாங்கமே கூட்டத்தக் கூட்டிட்டு வருது. இன்னொரு பக்கம் ஜூலைல மழை, காத்து, மூட்டம், யாருக்கு எவ்வளவு விளம்பரம் காட்டினாலும் குடும்பம் வராது. ரெண்டுக்கும் நடுவுல, ரூமும் காலி இருக்கு, சொன்னா ஆளும் வருவாங்கங்கற நாள்கள் இருக்கு பாருங்க, காசு அங்க தான் போகணும்.

இதுக்கு நான் ஒவ்வொரு காலாண்டுக்கும் ஒரு பெருக்கல் எண் வைப்பேன், 1க்கு மேல போனா கூட்டு, கீழ வந்தா குறை. இது என் கணிப்பு தான், சூத்திரம் எதுவும் இல்ல, ஆனா காரணத்த எழுதி வச்சுக்கணும், அப்ப தான் அடுத்த வருஷம் தப்பு எங்கன்னு தெரியும்.

ஜனவரி-மார்ச்சுக்கு 1.3. ஏப்ரல்ல 52 ரூம்-நைட் காலியா கிடந்துச்சு, எல்லாம் வார நாள், அந்த முடிவு பிப்ரவரி மார்ச்ல தான் எடுக்கறாங்க. ஏப்ரல்-ஜூனுக்கு 0.6, மே தானா நிரம்புறதால. ஜூலை-செப்டம்பருக்கு 1.1, ஜூலைய விட்டுடலாம் ஆனா அக்டோபர் பூஜை லீவுல வர்ற செகண்ட் சீசனுக்கான புக்கிங் முழுக்க செப்டம்பர்ல நடக்குது. அக்டோபர்-டிசம்பருக்கு 0.9, இதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, கோத்தகிரி குன்னூர் பக்கம் வடகிழக்கு மழை தான் ஜாஸ்தி, மேட்டுப்பாளையம் ரோட்டுல மண் சரிஞ்சா, மலை ரயில நிறுத்தினா ஒரே நாள்ல புக்கிங் கேன்சல் ஆகும். இன்னொண்ணு நிறைய பேருக்குத் தெரியாது: செப்டம்பர் கடைசில இருந்து தீபாவளி வரைக்கும் ஆன்லைன் ஷாப்பிங் கம்பெனிங்க எல்லாம் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்ல காச இறைக்கும், அங்க விளம்பர இடம் ஏலத்துல தான் போகுது, அதனால நாம தினமும் போடுற 400 ரூபாய்க்கு வழக்கத்தவிட கம்மி ஆளுங்களுக்குத் தான் காட்டும். கூகுள் சர்ச்ல இந்தத் தொல்லை அவ்வளவு இல்ல, "கோத்தகிரி காட்டேஜ்"னு தேடுறவனுக்காக செல்போன் விக்கிற கம்பெனி ஏலம் கேக்காது. அதனால அக்டோபர்ல நான் சர்ச் பக்கம் சாஞ்சுடுவேன்.

பெருக்கிப் பாத்தா 37.7, 13.8, 26.4, 21.6 வருது. ரவுண்டா 38, 14, 26, 22. இது தான் நம்ம எடை, அதாவது பட்ஜெட்டப் பிரிக்கற சதவீதம்.

மொத்தக் காசுல எவ்வளவு உண்மையா விளம்பரத்துக்குப் போகும்

அக்கா வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் ஒதுக்கினாங்க. அது முழுசும் விளம்பரமா மாறாது. கூகுள், ஃபேஸ்புக் இன்ஸ்டாகிராம் நடத்துற மெட்டா ரெண்டுலயும் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, அதக் கழிச்சா கிட்டத்தட்ட 1,27,000 தான் மிஞ்சும். இந்த வரிய இன்புட் கிரெடிட்டா திருப்பி எடுத்துக்கலாம்னு சிலர் சொல்வாங்க. ஆனா ஒரு நாளைக்கு 7500 ரூபாய் வரைக்கும் வாடகை உள்ள ரூமுக்கு 2025 செப்டம்பர் 22ல இருந்து 5 சதவீதம் வரி, இன்புட் கிரெடிட் கிடையாது. அதனால அந்த 23,000 நம்ம செலவு தான்னு முதல்லயே எழுதிடுங்க, நவம்பர்ல வந்து எங்க போச்சுன்னு தேட வேண்டாம்.

1,27,000ல 12,000ஐ தனியா ரிசர்வா வச்சுட்டோம். மீதி 1,15,000. எடைப்படி பிரிச்சா ஜனவரி-மார்ச் 43,700, ஏப்ரல்-ஜூன் 16,100, ஜூலை-செப்டம்பர் 29,900, அக்டோபர்-டிசம்பர் 25,300.

காலாண்ட வாரமா உடைக்கறது

43,700ஐ மூணு மாசத்துக்கும் சமமா பிரிச்சா மறுபடி பழைய தப்பு தான். ஜனவரி முதல் பத்து நாள் பொங்கல், குடியரசு தின லீவுக்காக 4,000. அப்புறம் பிப்ரவரி 7 வரைக்கும் சும்மா கூகுள் சர்ச் மட்டும் மெல்ல ஓடட்டும், 3,700. பிப்ரவரி 8ல இருந்து மார்ச் 7 வரைக்கும் பெங்களூர் குடும்பங்களுக்கு மட்டும் 14,000. கர்நாடகா பக்கம் ஸ்கூல் லீவு ஏப்ரல் தொடக்கத்துலயே வந்துரும், அவங்க தான் முதல்ல பிளான் பண்றாங்க, நமக்கு காலியா இருக்கற ஏப்ரல் முதல் பாதிக்கு சரியா பொருந்துற ஆளுங்க அவங்க தான். மார்ச் 8ல இருந்து 31 வரைக்கும் சென்னை, கோயம்புத்தூர், மதுரைக்கு 22,000. தமிழ்நாட்டுல பரிட்சை எப்ப முடியுதுன்னு தெரிஞ்சா தான் வீட்ல பேச்சே ஆரம்பிக்கும், அதுக்கு முன்னாடி என்ன காட்டினாலும் "பாக்கலாம்"னு தான் பதில் வரும்.

ஏப்ரல்-ஜூன்ல 9,000ஐ ஏப்ரல் 20க்குள்ள முடிச்சுடுங்க, அதுவும் "திங்கள் முதல் வியாழன் வரை"ன்னு விளம்பரத்துலயே வார நாள் ரேட்ட எழுதி. ஏப்ரல் 21ல இருந்து மே 25 வரைக்கும் புது விளம்பரம் எதுவும் வேண்டாம், காட்டேஜ் பேர தேடுறவங்களுக்கு மட்டும் நாளைக்கு 50 ரூபாய், மொத்தம் 1,750. மீதி 5,350 ஜூன் மாசத்துக்கு, கூட்டம் வேண்டாம் அமைதியா இருந்தா போதும்னு வர்ற ஜோடிங்களுக்கு.

இந்த நேரத்துல இ-பாஸ் ஞாபகம் இருக்கணும். 2024 மே 7ல இருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டிக்கு இ-பாஸ் வேணும். 2025 ஏப்ரல்-ஜூன்ல நீலகிரிக்கு வார நாள்ல 6000, சனி ஞாயிறுல 8000 வண்டின்னு ஹைகோர்ட் உச்சவரம்பும் வச்சுது. ரூம் இருக்கு, பாஸ் கிடைக்கலன்னா அட்வான்ஸ திருப்பிக் கேப்பாங்க, நீங்க விளம்பரத்துக்குப் போட்ட காசு மட்டும் திரும்பி வராது. அதனால புக் ஆன உடனே அனுப்புற முதல் மெசேஜ்லயே epass.tnega.org லிங்க்க போட்டு "இன்னைக்கே பதிஞ்சுடுங்க"ன்னு சொல்றோம், அரசு பஸ்ல வந்தா பாஸ் வேண்டாம்ங்கறதயும் சேத்து. ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரி, மார்ச்ல அந்த வருஷ விதி என்னன்னு ஒரு தடவ பாத்துட்டு விளம்பர வாசகத்த எழுதுங்க.

மழைக்கால காலாண்டு சுலபம். ஜூலைக்கு 3,000, ஆகஸ்டுக்கு 9,900, செப்டம்பருக்கு 17,000. ஆகஸ்ட்ல சுதந்திர தின வார லீவு, ஓணம் ரெண்டும் நமக்கு உதவும், ஓணம் சில வருஷம் செப்டம்பருக்குத் தள்ளிப் போகும், கேரளாவுக்குக் காட்டுற விளம்பரத்த அதோடயே நகத்திடுங்க. கடைசி காலாண்டுல அக்டோபருக்கு 5,300, நவம்பர் முதல் பாதிக்கு 3,000, நவம்பர் 15ல இருந்து டிசம்பர் முடிய 17,000, அது கிறிஸ்மஸ், நியூ இயர், பொங்கல் மூணுக்கும் சேத்து.

பண்டிகை தேதி நகரும், எடையும் நகரும்

போன வருஷ காலண்டர அப்படியே காப்பி அடிக்க முடியாததுக்கு இது தான் பெரிய காரணம். 2025ல தீபாவளி அக்டோபர் 20, 2026ல நவம்பர் 8. காலாண்டு ஒண்ணு தான், ஆனா அக்டோபர்ல வந்த கூட்டம் நவம்பருக்குப் போகும், நவம்பர்ல மழை இன்னும் வலுவா இருக்கலாம், அதனால 2026ல அக்டோபர் காசுல கொஞ்சத்த எடுத்து நவம்பர் முதல் வாரத்துக்கு வைக்கணும், அதோட மழை பாத்து நிறுத்தவும் தயாரா இருக்கணும். புனித வெள்ளி 2026ல ஏப்ரல் 3, 2027ல மார்ச் 26. ஒரு வருஷம் ஏப்ரல்-ஜூன் காலாண்டுல தங்கினவங்க அடுத்த வருஷம் ஜனவரி-மார்ச்ல வந்து நிப்பாங்க. இது தெரியாம போன வருஷ மார்ச்சயும் இந்த வருஷ மார்ச்சயும் ஒப்பிட்டா விளம்பரம் பிரமாதமா வேலை செஞ்ச மாதிரியோ, சுத்தமா படுத்துட்ட மாதிரியோ தெரியும், ரெண்டுமே பொய்.

டிசம்பர்ல புது காலண்டர் வாங்கினதும் வெள்ளி அல்லது திங்கள்ல விழுற லீவு, வியாழன் செவ்வாய்ல விழுற லீவு எல்லாத்தயும் பேனாவால வட்டம் போட்டு, ஒவ்வொண்ணுக்கும் எத்தனை நாளைக்கு முன்னாடி ஆரம்பிக்கணும்னு பக்கத்துலயே எழுதுங்க. எங்க ரிஜிஸ்டர்படி சீசனுக்கு 35 நாள், பூஜை லீவுக்கு 20 நாள், டிசம்பர் கடைசி வாரத்துக்கு 40 நாள், சாதாரண வார லீவுக்கு 5 நாள்.

செட்டிங்ல காசு கசியற மூணு இடம்

காலண்டர் சரியா இருந்தும் காசு கசியற இடங்கள் இருக்கு, நான் மூணுலயும் விட்டிருக்கேன்.

கூகுள்ல நாள் பட்ஜெட் 500னு வச்சா தினமும் 500 தான் போகும்னு அர்த்தம் இல்ல. ஒரு நாள்ல அதோட ரெண்டு மடங்கு, அதாவது 1000 வரைக்கும் எடுக்கும், மாசக் கணக்குல 30.4 நாள் பட்ஜெட்டத் தாண்டாம சரி பண்ணிக்கும். மாசம் முழுக்க ஓடுற விளம்பரத்துக்கு இது பிரச்னையே இல்ல. ஆனா சுதந்திர தினத்துக்குன்னு அஞ்சே நாள் ஓட்டிட்டு நிறுத்தினா, அஞ்சு நாளும் ரெண்டு மடங்கு போய் 2,500க்குப் பதிலா 5,000 வரைக்கும் போக வாய்ப்பு இருக்கு, சரி பண்றதுக்கு மீதி நாளே இல்லயே. குறுகிய நாளுக்கு ஓட்டும்போது நாள் பட்ஜெட்ட பாதியா வச்சு ஆரம்பிச்சு தினமும் பாருங்க.

அடுத்தது இடம். நாம சென்னைன்னு போட்டா கூகுள் தானா எடுத்துக்கறது `Presence or interest`, அதாவது சென்னைல இருக்கறவங்க மட்டும் இல்ல, சென்னை மேல ஆர்வம் காட்டின யாரா இருந்தாலும். அத `Presence`க்கு மாத்துங்க. நீலகிரியயே இடமா போடாதீங்க, இங்க இருக்கறவங்க நம்ம ரூம்ல தங்க மாட்டாங்க, பக்கத்து காட்டேஜ்காரங்க ரேட் பாக்க கிளிக் பண்ணுவாங்க.

மூணாவது மெட்டா. அங்க ஒரு விளம்பரத் தொகுதிக்கு வாரத்துக்கு சுமார் 50 ரிசல்ட் வந்தா தான் அது `Learning` நிலைய விட்டு வெளிய வரும், யாருக்குக் காட்டணும்னு நிதானத்துக்கு வரும். எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் சாட் ஆரம்பிக்க 45 ரூபாய் ஆகுது. நாளைக்கு 400ன்னா வாரத்துக்கு 2,800, 62 சாட், தாண்டிடுது. அதே 400ஐ சென்னைக்கு ஒண்ணு, கோயம்புத்தூருக்கு ஒண்ணு, மதுரைக்கு ஒண்ணுன்னு மூணா பிரிச்சா ஒவ்வொண்ணுக்கும் 20 சாட் தான், மூணும் கத்துக்கற நிலையிலயே கிடக்கும். ஊர எல்லாம் ஒரே தொகுதில போடுங்க. அதே மாதிரி நடுவுல பட்ஜெட்ட சட்டுனு ரெண்டு மடங்கா ஏத்தினாலும் மறுபடி முதல்ல இருந்து கத்துக்கும், அதனால மார்ச் 8க்கு ஒரே நாள்ல ஏத்தாம பிப்ரவரி கடைசில இருந்தே கொஞ்சம் கொஞ்சமா ஏத்திட்டு வாங்க. ஜூலைல நாளைக்கு 100 ரூபாய்க்கு மெட்டா ஓட்டுறதுல பிரயோஜனம் இல்ல, அந்த 3,000ஐ சர்ச்சுக்கே விட்டுடுங்க.

வாரா வாரம் பாக்க வேண்டியது

திங்கக்கிழமை காலைல ஒரு வரி எழுதுனா போதும்: போன வாரம் எவ்வளவு செலவு, எத்தனை சாட், எத்தனை ரூம்-நைட் புக் ஆச்சு, அது எந்த மாசம் தங்கறதுக்கு. கடைசியா சொன்ன அந்த மாசம் இல்லன்னா இந்த காலண்டருக்கே உயிர் இல்ல. மார்ச் ரெண்டாவது வாரம் புக்கிங் நிறைய வருதுன்னு சந்தோஷப்பட்டு பாத்தா எல்லாம் மே நடுவுல வர்ற சனி ஞாயிறு. அப்படின்னா தானா நிரம்புறதுக்கு நாம காசு குடுத்துட்டு இருக்கோம், விளம்பர வாசகத்துல ஏப்ரல் தேதிய பெருசா போட்டு மாத்தணும்.

சரியா போகுதான்னு அளக்க எங்க அளவுகோல் புக்கிங் சைட் கமிஷன். சராசரி வாடகை 3,000, சைட்டுக்கு 18 சதவீதம் குடுக்கறோம், ஒரு ரூம்-நைட்டுக்கு 540 ரூபாய். கமிஷன் மேலயும் 18 சதவீத ஜிஎஸ்டி வருது, விளம்பரத்து மேலயும் வருது, அதனால ரெண்டயும் வரி இல்லாம ஒப்பிடலாம். விளம்பரம் மூலமா ஒரு ரூம்-நைட் 540க்குக் கீழ வந்தா லாபம், மேல போனா அந்தக் காசுக்கு சைட்லயே குடுத்துருக்கலாம். வருஷத்துக்கு 1,15,000 போட்டா 213 ரூம்-நைட்டாவது வரணும்ங்கறது தான் இதோட அர்த்தம். ஒவ்வொரு வாரமும் இந்தக் கணக்கு அடையாது, ஒரு மாசத்துக்கு சேத்துப் பாருங்க. ரெண்டு மாசம் தொடர்ந்து 540ஐத் தாண்டினா விளம்பரத்துல தப்புன்னு அவசரப்படாதீங்க, முதல்ல சாட்டுக்கு எவ்வளவு நேரத்துல பதில் போகுதுன்னு பாருங்க. எங்களுக்கு ஒரு மாசம் அப்படி ஆனப்ப விளம்பரம் நல்லாத் தான் இருந்துச்சு, அக்கா தேயிலைக் காட்டுல இருந்துட்டு சாயங்காலம் வந்து தான் போன் பாத்தாங்க, அதுக்குள்ள அவங்க வேற இடத்துல புக் பண்ணிட்டாங்க. இப்ப அக்கா பையன் காலைல பதினொண்ணுல இருந்து போன வச்சிருக்கான்.

நிறுத்துறதுக்கும் ஒரு விதி முன்னாடியே எழுதி வைங்க. ஒரு தேதிக்கு 5ல 4 ரூம் போயிட்டா அந்தத் தேதி விளம்பரம் நிக்கணும். வானிலை மையம் நீலகிரிக்கு ஆரஞ்சு இல்ல ரெட் அலர்ட் குடுத்தா அன்னைக்கே எல்லாத்தயும் நிறுத்தணும், ரோடு திறந்து ரெண்டு நாள் கழிச்சு ஆரம்பிக்கணும். அப்படி மிச்சமாகுற காச மாசம் முடியறதுக்குள்ள தீத்துடணும்னு அவசரப்பட்டு நல்ல வெயில் அடிக்கற கடைசி வாரத்துல கொட்டாதீங்க, அது ரிசர்வ்ல சேரட்டும். எங்களுக்கு ஒரு வருஷம் நவம்பர் மழைல 4,200 மிச்சமாச்சு, அத 12,000 ரிசர்வோட சேத்து அடுத்த மார்ச்ல போட்டோம், ஏப்ரல் வார நாள் ரூம்ல தான் முழுசும் போச்சு.

டிசம்பர் கடைசி வாரம் கூட்டம் இறங்கினதும் அக்காவும் நானும் அடுப்பு பக்கத்துல ரிஜிஸ்டரோட உக்காருவோம். இப்ப புக் பண்ண தேதிக்குன்னு தனி காலம் அவங்களே ஸ்கேல் வச்சு சிவப்பு மையில போட்டு வச்சிருக்காங்க, யூபிஐ ஹிஸ்டரிய தள்ள வேண்டியதில்ல. அந்த நாலு சதவீதத்தயும் மறுபடி கணக்கு போட்டு, 1.3ஐயும் 0.6ஐயும் மாத்தணுமான்னு பாத்துட்டு, ஜனவரி முதல் தேதிக்கு முன்னாடி பொங்கல் விளம்பரத்த ஓட விட்டுடுவோம்.